எடைமேடையில் மாதா

அரியலூரில் ஒரு எடைமேடை. லாரி எடை காட்டும் புரோகிராமை ஆன்டிவைரஸ் திடீரென்று முடக்கிவிட்டது. வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் விடாமல் ஹாரன் அடித்தன. சரிசெய்ய வந்த நான், அந்த புரோகிராம் ஃபைலை ஓட்டாமலேயே என் லேப்டாப்பில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கிடந்த சொற்கள் லாரி எண், மொத்த எடை. விண்டோஸிடம் அது கேட்ட வேலைகளும் எடைக்கருவியின் போர்ட்டைப் படிப்பதுதான். இணையத்துக்குப் போக எதுவும் இல்லை. ஆனால் ஒரு பகுதியில் மட்டும், தரவு எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்று காட்டும் என்ட்ரோபி அதன் உச்சமான எட்டை நெருங்கியது. இறுகச் சுருக்கிய அல்லது மறைத்துப் பூட்டிய தரவில்தான் அப்படி வரும். எரிச்சலோடு அதை வெளியே எடுத்தேன். ஜேபெக் படம், குழந்தையை ஏந்திய மாதா. இதைப் பார்த்துத்தான் ஆன்டிவைரஸ் மிரண்டிருக்க வேண்டும்.

"தொறந்ததும் தெரியட்டும்னு நாந்தாங்க போடச் சொன்னேன். எடுத்துடணுமா?" என்றார் முதலாளியம்மா.

"மாதா இருக்கட்டுங்க. எடை போட நெட் தேவையில்ல, எதுக்கும் அந்த வயர மட்டும் உருவிடுங்க."

ஆன்டிவைரஸில் அனுமதி கொடுத்தேன். திரையில் முதலில் மாதா வந்தார், பிறகு எடை வந்தது.