படத்தின் ஓரத்தில் தெரிந்த எழுத்து

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று என் கணவர் சொல்வார். உண்மைதான். வரிசையில் முந்துகிறவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இலங்கையில் போர் முடிந்த வருடத்துக் குளிர்காலத்தில் வந்த கோபம் அப்படி வந்து போகிற சாதியைச் சேர்ந்தது இல்லை. இதை எழுதும்போதும் அது வயிற்றுக்குள் கிடக்கிறது.

அப்போது நாங்கள் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், ஒரு கடைத்தொகுதிப் பிளாசாவின் மூலையில் போன் கடை வைத்திருந்தோம். போன் திருத்துவது, லொக் உடைப்பது, படம் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது எல்லாம் செய்வோம். ரொறன்ரோவில் உலகத்துப் போன் எல்லாம் கைமாறும். டுபாயிலிருந்து வந்த போன் அரபியில் பேசும். சீனாவிலிருந்து வந்ததைத் திறந்தால் திரை முழுக்கச் சீனம். வாங்கியவர் எதையாவது அழுத்திக் குழப்பி, ஒன்றும் விளங்காமல் எங்களிடம் கொண்டுவந்து நீட்டுவார். அதை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் அது என்ன மொழி என்று தெரிய வேண்டும்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான். மேலே ஒரு கோடு இழுத்து, அதில் உடுப்புக் காயப்போட்ட மாதிரி எழுத்துகள் தொங்கினால் இந்தி, பஞ்சாபி, வங்காளம் மூன்றில் ஒன்று. அதிலும் முக்கோணம் முக்கோணமாகக் கூராக இருந்தால் வங்காளம். சின்னச் சின்னப் பெட்டிக்குள் கோடும் வட்டமும் அடுக்கியிருந்தால் கொரியன். முழு வட்டங்களாக உருண்டு கிடந்தால் பர்மா. மொழியை ஊகித்ததும் இணையத்தில் இருக்கும் மொழிபெயர்ப்புப் பக்கத்துக்குப் போவோம். தெரியாத எழுத்தைத் தட்டச்சு செய்ய நமக்கு வராது. ஆகவே தலைகீழாகச் செய்வோம். அந்த மொழியைத் தெரிந்தெடுத்து, ‘செட்டிங்ஸ்’, ‘லாங்குவேஜ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்த மொழிச் சொல் வரும். அதன் உருவத்தைப் போன் திரையில் தேடுவோம். ஒத்துப்போனால் மொழி சரி. ஒத்துப்போகாவிட்டால் அடுத்த மொழி. மொழியைப் பிழையாகத் தெரிந்தெடுத்துவிட்டு நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

அந்தப் பக்கத்தில் அப்போது தமிழ் இருக்கவில்லை. சிங்களமும் இருக்கவில்லை. இத்தனை சனத்தைத் தின்ற சண்டையின் இரண்டு மொழிகளும் அந்தப் பட்டியலில் எட்டியும் பார்க்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து மல்வேர்ன் பகுதியிலிருந்து ஓர் அன்ரி வந்தார். எங்கள் பலசரக்குச் சாமான் அவர் வேலை செய்த கடையிலிருந்துதான் வரும், அதனால் முகப்பழக்கம் உண்டு. கடைசிச் சண்டைக்குள் அகப்பட்ட அவருடைய மகனைப்பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரோடு கூட ஓர் அண்ணையும் வந்தார். எங்கள் தமிழ்ச் சனம் கூடும் மண்டபத்தில் கூட்டம் நடந்தால் ஒலிவாங்கியை விடாத ஆள். அவர் சொன்னால் சனம் மறுத்துப் பேசாது.

அன்ரி தன் போனை நீட்டினார். “தங்கச்சி, உந்தப் படத்திலை பிள்ளையின்ரை முகத்தை மட்டும் பெரிசாக்கித் தரேலுமோ? மற்றதெல்லாத்தையும் வெட்டிவிடுங்கோ.”

படம் லண்டனில் இருக்கும் பெறாமகனிடமிருந்து, அவருடைய தங்கையின் மகனிடமிருந்து, வந்ததாம். அவனுக்கு யாரோ அனுப்பினார்களாம். அந்த யாரோவுக்கு இன்னும் யாரோ. எங்கே எடுத்தது என்ற கதை கை மாறி மாறி வந்ததில் எங்கேயோ தொலைந்துவிட்டது. ஏதோ அலுவலகத்து வாங்குப் பலகையில் மகன் குனிந்து உட்கார்ந்திருந்தான். நன்றாக மெலிந்திருந்தான். பக்கத்தில் காக்கி உடுப்பின் ஒரு தோள்பட்டை. படத்தின் மறுபக்க ஓரத்தில், மேசைமேல் இருந்த கணினித் திரையில் பாதி.

“கொழும்புக்குப் போறன்,” என்றார் அன்ரி. “வாற கிழமை ரிக்கெட். பிள்ளையை ஆமி பிடிச்சு வைச்சிருக்கு. முகாம் முகாமாய்ப் போய் இந்தப் படத்தைக் காட்டிக் கேக்கப்போறன்.”

இராணுவம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அண்ணைதான் பதில் சொன்னார்.

“அந்தத் திரையிலை சிங்களம் கிடக்குதெல்லோ. மண்டபத்திலை அக்கா காட்டேக்கை நான் பார்த்தவுடனையே சொல்லிப்போட்டன். நாங்கள் பார்க்காத சிங்களமே.”

படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினேன். முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டாகிவிட்டது. வெட்டுவதற்கு ஒரு சொடுக்குத்தான் பாக்கி. பழக்கதோஷத்தில் கண் அந்தத் திரைப் பக்கம் போனது. மங்கல்தான், ஆனாலும் எழுத்துகளின் உருவம் தெரிந்தது. ஒவ்வொன்றும் கம்பம்போல நேராக நின்றது. தொடங்கும் இடத்தில் ஊசிக்காதுபோல ஒரு சின்ன வளையம். மேலே துணுக்குத் துணுக்காகக் குறிகள், சில இடங்களில் இரண்டு அடுக்கு. சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாமல் ஒரு நீளச் சங்கிலி.

“இது சிங்களம் இல்லை,” என்றேன்.

அண்ணை சிரித்தார். “தங்கச்சி, உங்களுக்குப் போனைப் பற்றித் தெரியும். எங்களுக்கு ஆமியைப் பற்றித் தெரியும்.”

சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஊர் அடையாள அட்டை வைத்திருக்கிறாரா என்று அன்ரியைக் கேட்டேன். பயணத்துக்காகக் கைப்பையில் எடுத்து வைத்திருந்தார். அதன் தலைப்பிலே சிங்களம், பக்கத்திலே தமிழ். அட்டையைத் திரைக்கு அருகில் பிடித்தேன். அட்டையில் இருந்த சிங்களம் வயிறு பருத்து, அகன்று, உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருந்தது. படத்திலோ எல்லாம் ஒடுங்கி நெட்டையாய் நின்றன. பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட இரண்டும் வேறு என்று சொல்லும்.

எனக்கு அப்போதுதான் சுர்ரென்று ஏறியது. எங்கள் சனம் பிறந்த நாள் முதல் அந்த எழுத்தைக் காசிலே, பஸ்சிலே, பெயர்ப்பலகையிலே பார்த்து வளர்ந்தது. பெயரோடு சேர்த்து அதைச் சட்டைப் பையில் சுமந்தது. ஆனால் ஒருவரும் அதை உற்றுப் பார்த்ததில்லை. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டும்போது யார் எழுத்தைப் பார்த்தது? ஆமிக்காரனின் முகத்தைத்தானே பார்த்தோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். காக்கியும் வட்டமான எழுத்தும் சேர்ந்தால் அது சிங்களம், அவ்வளவுதான். பயந்த தாய் அப்படி நினைத்தால் எனக்குக் கோபம் இல்லை. மண்டபத்தில் கண்ணாடியும் போடாமல், உள்ளங்கை அளவு போனில் அரைக் கணம் பார்த்துவிட்டு, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரு தாயைக் கொழும்புக்கு அனுப்பத் துணிந்த மனிசன்மேல்தான் எனக்குக் கோபம்.

எழுத்தின் தலையில் வளையம் இருந்ததால் தாய்லாந்து என்று நினைத்தேன். லாவோஸ் எழுத்துக்கும் வளையம் உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். ஊகத்தை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் வாய் திறக்கக் கூடாது. நானும் அண்ணையைப்போல ஆகிவிடுவேன். மொழிபெயர்ப்புப் பக்கத்தில் தாய் மொழியைத் தெரிந்தெடுத்து, ஆங்கிலத்தில் ‘பெயர்’ என்று அடித்தேன். இரண்டே எழுத்தில் ஒரு சொல் வந்தது. முதலாவதன் தலையில் இரண்டு அடுக்குக் குறி. இரண்டாவது, முட்டை போன்ற ஓர் உருண்டை. படத்தில், திரையின் இடது பக்கத்தில், பாதிக்கு மேலே அதே இரண்டு எழுத்து இருந்தது.

அன்ரி மேசையைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார்.

காக்கியும் வாங்கும் கணினியும் இருக்கிற இடம் வெளிநாட்டுக்காரரைப் பதிகிற கந்தோராக இருக்குமோ என்று தோன்றியது; அடுத்து ‘இமிகிரேஷன்’, அதாவது குடிவரவு, என்று ஆங்கிலத்தில் அடித்தேன். நீளமாக ஒரு சங்கிலி வந்தது. படத்தில் திரையின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. அதன் முன்பகுதி வேறு, ஆனால் பின்பகுதி ஒரே மாதிரி இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டேன். வளையம், கம்பம், மேலே குறி, வளையம், கம்பம். கடைசி எழுத்துவரைக்கும் பிசகவில்லை.

“அன்ரி, இது தாய்லாந்து. குடிவரவு ஒஃபிஸ். விசா இல்லாமல் பிடிபட்டிருக்கிறார் போல. ஆமியிட்டை இல்லை.”

“அப்ப அவன் ஊரிலை இல்லையோ?”

“இல்லை அன்ரி. அவர் நாட்டிலையே இல்லை.”

அவர் அழவில்லை. அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். திரும்ப வெளியே எடுத்தார். திரும்ப உள்ளே வைத்தார்.

அண்ணை கார்த் திறப்புக் கொத்தைக் கையில் எடுத்தார். “எப்பிடியோ, ரெண்டும் வட்ட எழுத்துத்தானே. ஆருக்கும் பிழை வரும்.”

அவ்வளவுதான், அடக்கி வைத்த எல்லாம் வெளியே வந்துவிட்டது. “உங்களுக்குப் பிழைக்கலாம் அண்ணை. பிழைச்சால் நீங்கள் வீட்டை போய்ச் சாப்பிடுவியள். அன்ரி ஆமி முகாம் வாசல்லை நிண்டு, தப்பிப்போன பிள்ளையின்ரை பேரைச் சொல்லிக் குடுத்திருப்பா. நாளைக்குத் தாய்லாந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் ஆமி எயார்போட்டிலையே பிடிச்சிருக்கும். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்ல உங்களுக்கு என்ன நோகுது?” கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களும் போன் பெட்டிகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். என் கணவர் பின்னாலிருந்து வந்து என் கையைப் பிடித்தார். நான் கையை உதறினேன். அண்ணை திறப்புக் கொத்தைச் சுழற்றியபடி வெளியே போய் நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

படத்தை வெட்டாமல் முழுதாகவே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அன்ரி கொழும்புப் பயணத்தை விட்டார். பெறாமகன் லண்டனிலிருந்து விசாரித்து, பாங்கொக்கில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பிடித்தான். எங்கள் பிள்ளைகள் அங்கே குடிவரவுத் தடுப்பில் அடைபட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். மகனின் பெயரைச் சொல்லிக் கேட்டு, உள்ளே போய் அவனைக் கண்டார்கள்.

பிறகு ஒரு மத்தியானம், பிளாசாவுக்கு வந்திருந்த அன்ரி ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் வந்தார். போன் கையில் அடித்துக்கொண்டிருந்தது. தெரியாத நீள இலக்கம், எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுகூட அவருக்கு மறந்துவிட்டது. நான் வாங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். பார்க்கப் போனவரின் போனிலிருந்து மகன் பேசினான். அம்மா என்றான்.

எப்படி இருக்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. தன் கதையும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றுதான் கேட்டான்.

“அம்மா, ஊரிலை போய் ஆரிட்டையும் என்ரை பேரைச் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை ராசா,” என்றார் அன்ரி. “ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை.”