வணிகப் பக்கத்துக்கு ஒரு செருப்பு

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். வருஷக்கணக்காக வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில் ஷூ தைத்துக்கொடுத்த நாங்கள், முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் பெண்களுக்கான செருப்பு ஒன்றைக் கொண்டுவரவிருந்தோம். அதைச் செய்தித்தாளில் வரவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலாளி சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் எழுதினேன். 'புரட்சி', 'உலகத் தரம்' எல்லாம் இருந்தன. கிடைத்த பத்திரிகை முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

பிறகு ஒரு சென்னை நாளிதழின் வணிகப் பக்கத்தைத் தினமும் படிக்க ஆரம்பித்தேன். சிறு தொழில்களைப் பற்றி ஒரு பெண் நிருபர் எழுதிவந்தார். அவருக்கு மட்டும் ஐந்து வரி அனுப்பிவிட்டு, பக்கம் முடிக்கும் அவசரம் இல்லாத காலை நேரமாகப் பார்த்து போன் செய்தேன்.

"புதுசா ஒரு செருப்பு வருது, சரி. படிக்கிறவங்களுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே டீ நேரம். தையல் பிரிவுப் பெண்கள் வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இலைகளுக்கிடையே இறங்கிய வெயில் அந்தப் பாதங்களின் மேல் தண்ணீர் போல அலைந்தது. அவர்களை வெறுங்காலுடன் காகிதத்தில் நிற்கவைத்து நான் பென்சிலால் சுற்றி வரைந்த மத்தியானங்கள், ஏதோ கனவில் நடந்தவை போல மெல்ல மிதந்து வந்தன.

"எங்க பொம்பளைங்க காலத்தான் அளவெடுத்தோம்ங்க. வெளிநாட்டுக் கால் அச்சுல செஞ்சா முன்பக்கம் இறுக்குது. நாளெல்லாம் நின்னு வேலை செய்றவங்களுக்குன்னே அகலமா புது அச்சு செஞ்சிருக்கோம்."

"இதத்தான் மெயில்ல முதல் வரியா எழுதியிருக்கணும். வேற யாருக்காவது சொன்னீங்களா?"

"பழைய அறிக்கைய எல்லாருக்கும் அனுப்பினேன். இந்த விஷயம் உங்ககிட்ட மட்டும்தான்."

விலை, விற்பனை தொடங்கும் நாள், கிடைக்கும் கடைகள், தெளிவான படங்கள் கேட்டார். தைக்கும் பெண் ஒருவரிடமும் பேச வேண்டுமாம்.

முதலாளி, "போடறதுக்கு முன்ன நமக்கு ஒருவாட்டி காட்டச் சொல்லும்மா" என்றார்.

"காட்ட மாட்டாங்க சார். தகவல்ல சந்தேகம்னா கேப்பாங்க, அவ்ளோதான்."

முகம் சுருங்கிப்போனது அவருக்கு.

தையல் பிரிவில் மூத்த பெண்ணிடம் போய், பெயரோடு பேப்பரில் வந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். "என் காலப் பத்தியா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தவள், நிருபரிடம் போனில் நெடுநேரம் பேசினாள். முதலாளியும் தன் பங்குக்குப் பேசினார்.

நான்கு நாள் கழித்து, ஒற்றைப் பத்தியில் சின்னதாக வந்தது. முதலாளி சொன்னதில் ஒரே வரிதான். அதற்கு மேலே அந்த மூத்த பெண் சொன்னது: "சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப கால் வலிக்கல."

"என் பேச்சு இவ்ளோதானா?" என்றபடி முதலாளி மறுபடி படித்தார். அப்புறம், "கடைக்காரங்களுக்கெல்லாம் அனுப்பிடும்மா. ரொம்ப நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவளுக்கென்று ஒரு பிரதி வாங்கிவைத்திருந்தேன். வேலை முடிந்து, அந்தத் தாளை மடிக்காமல் விரித்தபடியே பிடித்துக்கொண்டு அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.