தவமலர் குடை பிடிக்காத காரணம்

தொண்ணூற்றெட்டில் வவுனியாவில் ஒரு கையால் சைக்கிள் ஓடி, மறு கையால் குடை பிடிக்காத பெண்கள் குறைவு. மருத்துவமாது தவமலர் மட்டும் வெயிலில் கறுத்துப்போய் வருவார். அவரிடம் இருந்தது மடித்து பஸ்ஸில் ஏற்றக்கூடிய, இருபது அங்குலச் சில்லுள்ள பழைய யப்பான் சைக்கிள்.

முதல் நாள் குடையோடு போனார். சின்னச் சில்லு, கை லேசாக அசைந்தாலே திரும்பிவிட்டது. வாய்க்காலுக்குள் விழுந்தார். பிறகு சைக்கிள் கடைக்காரர் காற்றைக் கல்லுப்போல அடித்துவிட்டார்; குழிக்குக் குழி சைக்கிள் துள்ளியது. காற்றை நன்றாகக் குறைத்துப் பார்த்தார். குழி விளிம்பில் றிம் நசுக்கி ரியூப்பில் இரண்டு ஓட்டை விழுந்தது.

"உது விளையாட்டுச் சாமான் அக்கா, வித்துப்போடுங்கோ," என்றார் கடைக்காரர்.

"சைக்கிளில பிழையில்லை. குடையிலதான் பிழை."

பிறகு டயர் ஓரத்தில் போட்டிருந்த அளவைத் தாண்டாமல், முன்சில்லுக்குச் சற்றுக் குறைத்துக் காற்றடிப்பித்தார். இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து, குழிகளை விலத்தியே ஓடினார். அப்படியொரு பிடிவாதத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

ஒருநாள் செட்டிகுளத்தில் ஒரு பிள்ளைப்பேறு. பஸ்ஸால் இறங்கி, சைக்கிளை விரித்து, உச்சி வெயிலில் மிதித்துப் போய்ச் சேர்ந்தார். கர்ப்பிணியின் தாய் பதறினார்.

"ஐயோ பிள்ளை, குடை கொண்டரேல்லையோ?"

"பிடிச்சுக்கொண்டு வந்திருந்தா நான் வாய்க்காலுக்க, நீங்கள் இங்க தனிய. சுடுதண்ணி எங்க?"