நான் சேர்த்த ஒரு வரி

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. ஆறு மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார்கள். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். ஆபீஸ் வாசலை ஒட்டிய சின்ன அறையில் டெலிபோன் போர்டு. வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் ஒரு சின்ன மூடி 'டக்'கென்று விழும். கயிற்றைச் செருகிப் பேச வேண்டும். ஆள் இடத்தில் இல்லையென்றால், கூப்பிட்டவர் சொன்னதைச் சீட்டில் எழுதி அட்டெண்டரிடம் கொடுக்க வேண்டும். "சொன்னதை எழுது, சொன்ன மாதிரியே எழுது." எனக்கு முன்னால் இருந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி வேலையை ஒப்படைத்தபோது சொல்லிக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒர்க்ஸ் கமிட்டி கூடும். மேனேஜர் தலைமையில் நிர்வாகத்தார் ஐந்து பேர், தொழிலாளர்கள் ஐந்து பேர். குடிதண்ணீர், கக்கூஸ், கேண்டீன் சாப்பாடு, செருப்பு என்று பேசுவார்கள். அந்தத் தடவை பட்டியலில் ஆறாவதாக ஒரு விஷயம் இருந்தது. பாய்லருக்குப் பின்னால் கொதிதண்ணீரைத் திறந்துவிடும் ஒரு தொட்டி. அதன் மேல் இரண்டு பலகையைப் போட்டு ஆட்கள் குறுக்கே நடப்பார்கள். அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் பாய்லர் பக்கத்து ஃபிட்டர், தொழிலாளர் பிரதிநிதி. நாற்பது வயதிருக்கும். காசிமேட்டுக்காரர். அதிகம் பேசாதவர். தொட்டியைத் தானே அளந்து படம் போட்டு வைத்திருப்பதாக அட்டெண்டர் சொன்னார்.

கூட்டம் மூன்று மணிக்கு. அன்று ஃபிட்டர் லீவு, கூட்டத்துக்கு மட்டும் வருவதாக ஏற்பாடு. மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூடி விழுந்தது.

"யம்மா, பாய்லர் ஃபிட்டர் பேசறேன். மேனேஜருக்கு ஒரு சேதி எழுதிக்க. மூணு மணி மீட்டிங்குக்கு லேட்டாவும். மன்னிக்கணும். மூணே முக்காலுக்கு வந்துடுவேன். எனக்கோசரம் காத்துக்கினு இருக்க வேணாம், ஆரம்பிச்சிடச் சொல்லு. ஆறாவது விஷயத்த மட்டும் கடைசில வச்சிக்கச் சொல்லு. அவ்ளோதான்."

"ஏன் லேட்டுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"லேட்டு என் தப்புதான்மா. அத்த மட்டும் சொல்லு."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். சத்தமாக இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் ஒரு இழை மாதிரி வந்தது. கடைவீதியில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். லைன் அறுந்தது.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. கான்வென்டில் ஒரு நாள் லீவு கேட்டாலும் காரணம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். ஜெபக்கூட்டத்திலிருந்து கால் மணி நேரம் பிந்தி வந்தால் அப்பாவுக்கு வழி நெடுக நடந்த கதையைச் சொல்ல வேண்டும். அதோடு, போன வாரம்தான் மேனேஜர் ஒரு சூப்பர்வைசரைத் தாமதமாக வந்ததற்கு என் ஜன்னல் எதிரிலேயே வைத்துத் திட்டியிருந்தார். இந்த மனிதருக்கும் அதே கதி ஆகக் கூடாதே என்று பட்டது. 'மன்னிக்கவும்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'தண்டையார்பேட்டை ரயில் கேட் மூடியிருப்பதால்.' ஒருவருக்கு உதவி செய்துவிட்ட திருப்தி எனக்கு. சீட்டை அட்டெண்டர் உள்ளே கொண்டுபோனார்.

மூன்று நாற்பதுக்கு ஃபிட்டர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் ஒரு நிமிஷம் நின்று காலை ஒன்றோடொன்று தட்டினார். ஈர மணல் உதிர்ந்தது. முழங்கை வரைக்கும் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. கையில் சுருட்டிய காகிதம். என் ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். காகிதம் சுருட்டியபடியே இருந்தது. என்னைப் பார்க்காமல் போனார்.

டீ கொண்டுபோன அட்டெண்டர் நடந்ததைச் சொன்னார். மேனேஜர் அன்று துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது சரியாக இரண்டு ஐம்பதுக்கு அதே கேட்டைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். கேட் திறந்து கிடந்திருக்கிறது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிட்டரிடம் கேட்டாராம், "எந்த கேட்டுய்யா மூடியிருந்தது?"

"ஃபிட்டரு சீட்டப் பாத்தாரு தங்கச்சி. கொஞ்ச நேரம் பாத்துக்கினே இருந்தாரு. அப்பால, 'லேட்டா வந்தது தப்பு சார், மன்னிக்கணும்'னாரு. வேற ஒரு வார்த்த இல்ல. 'பொய் சொல்றவன் கொடுத்த அளவ நான் எப்படி நம்பறது, அடுத்த கூட்டத்துல பாக்கலாம்'னு மேனேஜரு ஃபைல மூடிட்டாரு."

அட்டெண்டர் டம்ளர்களை அடுக்கியபடி மேலே சொன்னார்.

"பாவம், அவரு கொழந்த போயிட்சி. பொறந்து பதினஞ்சு நாளு கூட ஆவல. மதியம்தான் காசிமேட்டுல அடக்கம். மாமனாரு வர்றதுக்கு லேட்டாயிட்சாம். மண்ணு தள்ளிட்டு நேரா இங்க வந்துகீறாரு. உள்ள அதயும் சொல்லல."

அன்று பஸ்ஸில் கடற்கரைப் பக்கமாக உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் அந்த அழுகையின் இழை கேட்டது. எழுந்து நின்றுகொண்டேன். நின்றாலும் கேட்டது.

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தற்காலிக வேலை, வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்த்திருந்தார்கள் என்று எத்தனையோ சமாதானம். உண்மை என்னவென்றால் பயம். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தானே, அதற்குள் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒன்பதாம் நாள் காலையில் போர்டில் நான்கைந்து மூடிகள் ஒரே சமயத்தில் விழுந்தன. பாய்லர் பக்கத்திலிருந்து யாரோ, "ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்" என்று கத்தினார்கள். ஒப்பந்தக் கூலி ஒருவர் சாம்பல் கூடையோடு பலகையில் வழுக்கித் தொட்டியில் விழுந்திருக்கிறார். உடனே தூக்கிவிட்டார்கள். ஆனாலும் இடது கால் முட்டிவரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு லைன் போட்டுக் கொடுத்தது நான்தான். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஷிப்ட் முடிந்து ஃபிட்டர் வாசல் கேட்டை நோக்கிப் போகும்போது ஓடிப்போய் நிறுத்தினேன்.

"அண்ணே, அந்தச் சீட்டுல ரயில் கேட்டுன்னு எழுதினது நான்தான். உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சு..."

"தெரியும்மா" என்றார். "கேட்டுன்ற வார்த்தயே நான் சொல்லல. உன்ன வுட்டா வேற யாரு எழுதுவா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே உன்ன அனுப்பிச்சிருப்பாங்க. அன்னிக்கு ஏற்கெனவே ஒண்ண மண்ணுல வச்சிட்டு வந்தேன். இன்னொண்ணு வேணாம்னு தோணிச்சி." சொல்லிவிட்டுத் தொட்டி இருந்த பக்கம் பார்த்தார். "இன்னிக்கு அவன் கத்தனத கேட்டப்ப, சொல்லியிருக்கலாமோன்னு இருந்திச்சி."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் தொட்டிப் பக்கமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"லேட்டானா மன்னிக்கணும்னு சொல்லணும், எப்ப வருவேன்னு சொல்லணும், மத்தவங்க வேல நிக்காம பாத்துக்கணும். மீதியெல்லாம் நம்ம கத. அத்த எதுக்கு அவங்க தலைல ஏத்தணும்னுதான் வுட்டேன். நான் சொன்னத மட்டும் நீ எழுதியிருந்தா போதும்மா."

அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கடற்காற்றில் எண்ணூர் பக்கத்துச் சாம்பல் வந்து ஜன்னலில் படிந்திருந்தது. அதைத் துடைத்தேன், மூடிகளைத் துடைத்தேன், துடைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆனதும் மேனேஜர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் வாய்க்குள் பேச்சைத் தயார் செய்திருந்தேன். அனுபவம் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை, அவருக்கு நல்லது செய்யத்தான் நினைத்தேன். கதவைத் திறந்ததும் அதில் ஒன்றுமே வாயில் வரவில்லை.

"சார், ரயில் கேட் மூடியிருந்ததுன்னு ஃபிட்டர் சொல்லல. நான் சேர்த்தது. இத்தனை நாள் சொல்லாம இருந்ததும் தப்பு. மன்னிக்கணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். மேஜையில் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் பொய் சொல்றான்னு நினைச்சுத்தான் அன்னிக்கு அந்த ஃபைலை மூடினேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, "போம்மா" என்றார்.

எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை. மேனேஜர் ஃபிட்டரைக் கூப்பிட்டுப் பேசினார் என்று கேள்வி. என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. அந்த வாரமே ஃபிட்டர் போட்ட படத்தின்படி கைப்பிடிக் கம்பி வந்துவிட்டது. மஞ்சள் பெயின்ட். புது பெயின்ட் வாசனை போர்டு அறைவரைக்கும் அடித்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு சேதிச் சீட்டில் ஒரு எழுத்தைக்கூடச் சேர்த்ததில்லை. ஆனால் லைனில் யார் பேசினாலும், பேச்சு நின்று லைன் அறுவதற்கு முன்னால் வரும் அந்த ஒரு நொடி வெறுமையில், பின்னால் ஒரு பெண் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர்களிடம் கேட்டேன். லைன் இரைச்சல் என்றார்கள்.

நாலைந்து மாதம் கழித்து, கால் வெந்தவர் திரும்பி வந்தார். சாம்பல் கூடை தூக்க முடியாது என்பதால் ஆபீஸ் முன்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்திருந்தார்கள். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். என் ஜன்னலுக்குக் கீழே நாலு அரளிச்செடி. முதல் நாளே தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"நீதான ஆம்புலன்ஸுக்கு போன் போட்ட பொண்ணு? நல்லா இரும்மா. கொஞ்சம் லேட்டாயிருந்தா காலே எடுத்திருப்பாங்கன்னு டாக்டரு சொன்னாரு."

நான் தலையசைத்தேன். அவரிடம் சொல்ல வேண்டியது இரண்டு வரிதான். அந்த இரண்டு வரியை ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அவர் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கல்யாணம் ஆகி நான் வேலையை விட்ட கடைசி நாளன்றும் அப்படித்தான் சொன்னார். நானும், "சரிண்ணே" என்று மட்டும்தான் சொன்னேன்.