பையோடு சேர்த்து அறுபதாயிரத்து நூற்றெண்பது

தட்டாஞ்சாவடியில் இரும்பு உதிரி பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஆனால் கணக்கில் தப்பு வராது. இந்த இரண்டையும் நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். முதலாவது இன்றைக்கும் உண்மை.

கம்பெனியில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் காலேஜில் சேர்ந்தால் லேப்டாப்புக்கு முதலாளி உதவி செய்வார். அதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். லேப்டாப்பின் வரி இல்லாத விலை ஐம்பதாயிரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த விலை முழுவதையும் கம்பெனி கடைக்குக் கட்டிவிடும், வரியை மட்டும் வேலை செய்பவர் கட்ட வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் ஒன்றும் கிடையாது. போன வருஷம் லேத் ஓட்டும் ஒருவருக்கு எழுநூறு ரூபாய் கூடிப்போய், கிடையாது என்று சொல்லிவிட்டார். அதைப் போய்ச் சொன்னவளும் நான்தான்.

இந்த வருஷம் எங்கள் வேன் டிரைவரின் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தாள். டிரைவர் எனக்கு அண்ணன் வயது, அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கடற்கரைக் குப்பத்துக்காரர். முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு படகை விட்டுவிட்டு வேன் ஓட்ட வந்தவர். முத்தியால்பேட்டையில் ஒரு கடையில் விலை கேட்டு ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வந்தார். அதில் வரி உள்பட அறுபதாயிரத்து நூற்றெண்பது என்று மட்டும் எழுதியிருந்தது.

"மேடம், இதுல நம்ம பங்கு எவ்ளோ வரும்?"

லேப்டாப்புக்குப் பதினெட்டு சதவீதம் வரி. கால்குலேட்டரில் அறுபதாயிரத்து நூற்றெண்பதுக்குப் பதினெட்டு சதவீதம் தட்டினேன், பத்தாயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு வந்தது. அதைக் கழித்தால் நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். "ஐம்பதுக்குள்ளதான் இருக்கு. நீங்க பத்தாயிரத்து எண்ணூத்தம்பது கொண்டாந்தா போதும்" என்றேன். அவர் சரிபார்க்கவில்லை. மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் பழகிப்போன விஷயம்.

ஒரு மாதம் கழித்துப் பணம் சேர்ந்துவிட்டது என்றார். கடைக்கு நானும் கூடப் போனேன். பில்லை போட்டோ எடுத்து அனுப்பினால் முதலாளி உடனே பணம் அனுப்புவதாக ஏற்பாடு.

பில் போடுகிற பெண் முதலில் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். நான் அடிவரியை மட்டும் பார்த்தேன். வரி இல்லாத விலை ஐம்பத்தோராயிரம். வரி ஒன்பதாயிரத்து நூற்றெண்பது.

எனக்கு வந்ததே கோபம். "என்னம்மா கணக்கு இது? பதினெட்டு பர்சென்ட் கழிச்சா நாப்பத்தொன்பதாயிரத்து முந்நூத்தி நாப்பத்தெட்டுதான் வரும். உங்க கம்ப்யூட்டரைச் சரி பண்ணுங்க."

அவள் சத்தம் போடவில்லை. "அக்கா, உங்க நாப்பத்தொன்பதாயிரத்து முந்நூத்தி நாப்பத்தெட்டு மேல பதினெட்டு பர்சென்ட் ஏத்திப் பாருங்க. எங்க விலை வருதா?"

ஏற்றிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டாயிரத்து இருநூற்று முப்பதுதான் வந்தது. இரண்டாயிரத்துக்குக் கிட்டக் குறைந்தது.

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. வரி என்பது பொருளின் விலைக்குப் பதினெட்டு சதவீதம். நான் வரியும் சேர்ந்த தொகைக்குப் பதினெட்டு சதவீதம் எடுத்திருந்தேன், அதாவது வரிக்கும் வரி போட்டிருந்தேன். நூறு ரூபாய் பொருள் வரியோடு நூற்றுப் பதினெட்டு ஆகும். அப்படியானால் மொத்தத்தை நூற்றுப் பதினெட்டால் வகுத்து நூறால் பெருக்கினால்தான் விலை. எங்கள் பட்டறையில் நான் நாள் முழுக்க விலையின் மேல் வரி ஏற்றித்தான் பில் போடுவேன். ஏற்றியே பழகிய எனக்கு இறக்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடுகிற கணக்கு!

முதலாளிக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். "தப்பு யாருதா இருந்தா என்னம்மா, அம்பதைத் தாண்டுதா இல்லியா? போன வருஷம் ஒருத்தனுக்கு இல்லன்னு சொல்லிட்டு இப்ப எப்பிடிக் குடுக்கறது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

டிரைவர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். லேப்டாப்போடு மேசை மேல் எடுத்து வைத்திருந்த தோள்பையை எடுத்து அந்தப் பெண்ணிடம் தள்ளினார். "இது வேணாம்மா. இதை எடுத்துட்டா எவ்ளோ கொறையும்?"

"பை தனியாவா? அது வரியோட ஆயிரத்து நூத்தி எண்பது" என்றவள் தட்டச்சு செய்யத் தொடங்கி நின்றாள். "அக்கா, இங்க பாருங்களேன்."

அந்தத் துண்டுச் சீட்டில் பையையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார்கள். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பை போனதும் திரையில் லேப்டாப் மட்டும் நின்றது. மொத்தம் ஐம்பத்தொன்பதாயிரம். நூற்றுப் பதினெட்டால் வகுத்து நூறால் பெருக்கினேன். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரமும் செய்தேன். சரியாக ஐம்பதாயிரம். மத்திய வரி நாலாயிரத்து ஐநூறு, மாநில வரி நாலாயிரத்து ஐநூறு. முதலாளியின் விதி லேப்டாப்புக்குத்தான், பைக்கு இல்லை. பில் போட்டு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பணம் வந்துவிட்டது.

"பையை நான் வாங்கித் தரேன் அண்ணே. என் தப்புக்கு அபராதம்" என்றேன்.

"எதுக்கு மேடம்? காசு இருக்குதே." சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து ஒன்பதாயிரத்தை எண்ணி வைத்தார். கையில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது மிச்சம் இருந்தது. அதிலிருந்து பைக்குத் தனி பில் போடச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவர் பங்கையும் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். அவர் தேவைக்கு மேல் சேர்த்திருக்கிறார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒரே மாசத்துல எப்பிடிண்ணே இவ்ளோ சேத்தீங்க?"

"ஒம்பதாயிரம் சீட்டு எடுத்ததுல வந்துச்சு மேடம். மேல வேண்டிய காசுக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை மச்சானோட போட்டுல வலை இழுக்கப் போனேன்."

"அந்த முதுக வெச்சிக்கிட்டா?"

"என்னா பண்றது. ஆனா பாருங்க, நீங்க கூட்டிச் சொன்னதாலதான் பாப்பாவுக்குப் பை கெடைச்சிருக்குது." நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வேனிலிருந்து இறங்க முடியாமல் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றதும், சரக்கு இறக்க நேரமாகிறது என்று ஆட்கள் முன்னால் நான் கத்தியதும், குடித்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டதும் கண்முன் வந்தன. அந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. ரோட்டில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்குத் திட்டினேனே அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்னைக்கு மேடம்? எனக்கு ஞாபகம் இல்லியே" என்று சொல்லி, லேப்டாப் பெட்டியை வேனின் முன்சீட்டில் வைத்தார்.

எந்த நாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.