இங்கிலீஷ் கட்டுரையில் ராத்தா

கொழும்பு இங்கிலீஷ் சஞ்சிகை என் கட்டுரையைப் போடுவதாக எழுதியிருந்தது! கற்பிட்டியில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்த ராத்தாவைப் பற்றிய கட்டுரை. ஆனால் ஒரு நிபந்தனை. அடைப்புக்குறிகள் கூடாது, அவசியமான தமிழ்ச் சொற்கள் மட்டும் நிற்கலாம். திருத்திய பிரதி அடுத்த நாள் தபாலில் போகாவிட்டால் எனக்கு இடமில்லை.

அன்று பின்னேரமே என்னோடு படிப்பிக்கும் சிலாபத்துக் கத்தோலிக்க நண்பரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் சத்தமாக வாசித்தார். வரிக்கு வரி ஒரு தமிழ்ச் சொல், பக்கத்திலேயே அடைப்புக்குள் அர்த்தம்.

"என்ன ஐசே இது? நடக்கிறவனை அடிக்கொருக்கா நிப்பாட்டி முள்ளு எடுத்துவிடுற மாதிரி! சட்டிக்கு இங்கிலீஷ்ல சொல்லில்லையா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "எங்கட சொல்லும் கொஞ்சம் கிடக்கட்டுமே!"

திரைச்சீலைக்குப் பின்னால் ராத்தாவின் சிரிப்பு கேட்டது. அவருக்கு இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாது.

"தம்பி, சட்டி கேட்டிச்சி, பிட்டு கேட்டிச்சி, ஓலைப்பெட்டியும் கேட்டிச்சி. என்னப் பத்தி எழுதினதெண்டு சொன்னாய், நான் எங்க?"

தாள்களை வாங்கிப் புரட்டினேன். கட்டுரை முழுக்க அவரை 'எல்டர் சிஸ்டர்' ஆக்கியிருந்தேன். பிறந்த நாள் தொட்டு ஒருநாளும் நான் கூப்பிடாத பெயர் அது.

இருவரும் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சட்டியும் பெட்டியும் இங்கிலீஷாகிவிட்டன. பிட்டு, அது பாட்டுக்கு நின்றது. கொழும்பில் துரைமாரும் தின்கிறார்கள், விளக்கம் எதற்கு? வாடியைக் குடிசை என்றால் பொருந்தாது. 'மீன் பருவத்துக்கு வந்தவர்கள் கண்டக்குழியில் வாடி போட்டார்கள், பருவம் முடிய ஓலையைக் கழற்றிக்கொண்டு போனார்கள்' என்று எழுதினோம். வாடி என்னவென்று வசனமே சொல்லிவிட்டது.

ராத்தாவுக்குத்தான் பாடுபட்டோம். "ராத்தா, என் மூத்த சகோதரி" என்று நண்பர் போட்டார்.

"அதுவும் அடைப்புக்குறிதான் ஐசே, உடுப்பு மட்டும் வேற!" என்று வெட்டினேன்.

மூன்று தாள் கசங்கின பிறகு வந்தது: 'எனக்கு முந்தி அந்த வீட்டில் பிறந்தவர். அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அவர் இடுப்பில் இருந்தபடி ராத்தா என்று சொல்லப் பழகினேன்.' அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் வெறும் ராத்தாதான். நண்பர் மேசையில் ஓங்கி அடித்து, "இது போகும்!" என்றார்.

போனது. அச்சில் ஓரெழுத்தும் மாறவில்லை. சஞ்சிகை வந்த அன்றே ராத்தாவை எதிரே இருத்தி வாசித்தேன். தன் சொல் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்.

"கொழும்புத் துரைமாரும் ராத்தா எண்டுதானா வாசிப்பாங்க?"

"ஓம் ராத்தா."

"யா அல்லாஹ்!" என்று முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். "இன்னொருக்கா வாசி, தம்பி."