கன்னியப்பன் கல்யாணத்து வாழ்த்து மடல்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கன்னியப்பன் தோலைத் தரம் பார்ப்பவர். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு விரலால் தடவுவார். உண்ணி கடித்த வடு ஒன்று தட்டினாலும் ஒதுக்கிவிடுவார். தங்கைகளையெல்லாம் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவருக்கே நாற்பது நெருங்கிவிட்டது. 1999 தை மாதம்தான் கலவை என்ற ஊரில் பாரதி என்ற பெண் அமைந்தாள்.

கம்பெனியில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் வாழ்த்து மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் மைக்கில் வாசித்துக் கொடுப்பார்கள். இந்த முறை எழுதும் வேலை ஆபீசில் டைப் அடிக்கும் பூவரசனிடம் வந்தது. அவன் வீட்டுக்கு முதல் பட்டதாரி.

"அண்ணன் வேலைய வெச்சே எழுதுடா," என்றான் கட்டிங் பிரிவு சம்பத். "எத்தனையோ ரிஜெக்ட் பண்ணவரு, கடைசியா ஒண்ணை பாஸ் பண்ணாருன்னு போடு!"

எல்லோரும் சிரித்தார்கள். பூவரசனும் சிரித்தபடி எழுதிக்கொண்டான்.

சாயங்காலம் கன்னியப்பன் தனியே வந்தார். "எதுனா எழுதிக்கோப்பா, வயசை மட்டும் இழுக்காத. மாப்ளைக்கு இன்னா கோளாறு, இத்தினி நாளா கட்டிக்கலன்னு அவங்க ஊர்ல ஏற்கெனவே பேச்சு. மைக்குல வேற பாரதி அதைக் கேக்கணுமா?"

அவர் போன பிறகு பூவரசன், பெண்ணின் அம்மாவாகத் தன்னை நினைத்துக்கொண்டு, எழுதியதைப் படித்துப் பார்த்தான். அவள் மகளை, ரிஜெக்ட் ஆகாமல் தப்பிய தோலாக்கியிருந்தான். காகிதத்தைக் கிழித்தான்.

அடுத்ததில் பதினாறு செல்வம், இறையருள், மழலைச் செல்வம் எல்லாம் இருந்தன. மழலையை அவனே அடித்தான். நாற்பதில் அது வாழ்த்தாகக் கேட்காது. மிச்சத்தைத் தையல் பிரிவு சூப்பர்வைசர் ரஃபத் ஜஹானிடம் வாசித்துக் காட்டினான்.

"நல்லாதான் இருக்கு தம்பி. பேரை மாத்திட்டா என் புள்ள நிக்காவுக்கும் ஆகும்."

படித்தவன் என்று காட்டிக்கொள்ளத்தான் எழுதினோமோ என்று அவனுக்குத் தோன்றியது. சம்பத்தின் கேலியை மறுபடி எடுத்தான். அதில் தரம் பார்க்கிறவர் யார் என்பதை மட்டும் மாற்றினான்.

வரவேற்பன்று பூவரசன் மேடையேறி மைக்கைப் பிடித்தான். முன்வரிசையில் கலவைப் பெரியவர்கள். பின்னால் கம்பெனி ஆட்கள், அவர்கள் பிள்ளைகள்.

"அன்புள்ள பாரதி, கன்னியப்பன் இருவருக்கும். எங்கள் கன்னியப்பன் இத்தனை ஆண்டுகள் தோலை வெளிச்சத்தில் விரித்துக் குறை பார்த்தார். இனி அவரிடம் குறை பார்க்கும் உரிமை பாரதி அவர்களுக்கு. பொறுமை, நேர்மை இரண்டையும் நாங்கள் சோதித்துவிட்டோம். பாஸ் பண்ணி அனுப்புகிறோம். மகிழ்ச்சியாக வாழுங்கள். இப்படிக்கு, எல்லாப் பிரிவுத் தோழர்களும்."

கம்பெனி ஆட்கள் கைதட்டினார்கள். முன்வரிசை அசையவில்லை. எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள்.

சட்டத்தை வாங்கிய பாரதி மாப்பிள்ளை பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள். அது மைக்கில் விழுந்துவிட்டது.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. பாக்கணும்."

முதலில் சிரித்தவர் கன்னியப்பன்தான்.